0.2363636…-ஐப் பின்னமாக்கினால் 0.24 வருகிறது, எங்கே தவறு?

பிளஸ்ஒன்: 0.2363636… (36 மட்டும் சுழல்கிறது). இதைப் பெருக்குத் தொடராகப் பிரித்துப் பின்னமாக எழுத வேண்டும். சுழலாத 0.2-ஐத் தனியே எடுத்து வைத்தேன். மீதிக்கு a = 0.036. தசமம்தானே என்று r = 1/10 எடுத்தேன். a/(1 − r) = 0.036/0.9 = 0.04. மொத்தம் 0.24. புத்தக விடையோ 13/55.

குறுக்குவழி: தொடரே வேண்டாம் தம்பி. x என்று வைத்துக்கொள். 1000x = 236.3636…, 10x = 2.3636…. கழித்தால் 990x = 234, அவ்வளவுதான். 234/990 = 13/55. எந்தக் கணக்கிலும் இது போதும்.

கரும்பலகை: தவறு r-இல் இருக்கிறது. உங்கள் r-ஐ வைத்து முதல் இரண்டு உறுப்புகளைக் கூட்டிப் பாருங்கள்: 0.036 + 0.0036 = 0.0396. முதல் உறுப்பின் 6 இருக்கும் இடத்திலேயே அடுத்த 3 வந்து ஏறிவிட்டது. அடுத்த 36 அதற்குப் பின்னால் வரவேண்டுமென்றால் இரண்டாம் உறுப்பு 0.00036. அப்படியானால் r = 1/100.

0.036/0.99 = 36/990 = 2/55. தனியே வைத்த 1/5-ஐச் சேர்த்தால் 13/55.

0.2-ஐப் பிரித்தது சரியே. அதையும் தொடருக்குள் விட்டால் முதல் விகிதம் 0.18, அடுத்தது 0.01, பெருக்குத் தொடரே அமையாது.

குறுக்குவழி சொன்ன விடை சரி, "எந்தக் கணக்கிலும்" என்பது சரியில்லை. 1 + 10 + 100 + …-ஐ x என்று வைத்து அதே மாதிரி கழித்துப் பாருங்கள்: 10x = x − 1, அதாவது x = −1/9. மிகை எண்களைக் கூட்டிக் குறை எண்! x என்றொரு எண் இருந்தால்தான் கழிக்கலாம். இங்கே அது இருக்கிறது, ஏனென்றால் n உறுப்புகளின் கூடுதல் (2/55)(1 − 1/100ⁿ). n கூடக்கூட 1/100ⁿ பூஜ்யத்தை நெருங்குகிறது, கூடுதல் 2/55-ஐ நெருங்குகிறது.

ஒன்பது: அப்போ 0.999…-க்கு 0.9/(1 − 0.1) = 1 வருதே! எவ்வளவு நீட்டினாலும் 1-ஐத் தொடாதுங்க. கொஞ்சம் குறைவுன்னுதானே சொல்லணும்?

கரும்பலகை: n ஒன்பதுகளோடு நிறுத்தினால் 1/10ⁿ குறையும், உண்மை. ஆனால் 0.999… என்பது நிறுத்திய எண் எதுவும் இல்லை. அவையெல்லாம் நெருங்குகிற எல்லையைத்தான் அப்படி எழுதுகிறோம். 1-க்கும் அதற்கும் இடைவெளி உண்டென்றால் அது எவ்வளவு? நீங்கள் எந்த மிகை எண்ணைச் சொன்னாலும் அதைவிடச் சிறிய 1/10ⁿ ஒன்று இருக்கும்.

ஒன்பது: இடைவெளியைச் சொல்ல முடியலங்கறது சரி. ஆனாலும் எல்லையும் எண்ணும் ஒண்ணுன்னு ஏத்துக்க மனசு வரல.

பிளஸ்ஒன்: 13/55 வந்துவிட்டது, நன்றி. அடுத்தது 0.4027027…. 27 சுழல்வதால் இதற்கும் r = 1/100 தானே?

கரும்பலகை: இல்லை, சுழல்வது 027. அந்தப் பூஜ்யமும் ஓர் இடம் பிடிக்கிறது, ஆகவே r = 1/1000. 0.0027/0.999 = 1/370, அதோடு 2/5 சேர்ந்தால் 149/370. 1/100 போட்டிருந்தால் 0.402727… வந்திருக்கும். விடையை ஒருமுறை நீள்வகுத்தலில் போட்டுப் பார்த்தால் ஐந்தாம் இடத்திலேயே பிடிபட்டுவிடும்.