ஆண்டுத் திட்டத்தில் பாடம் நழுவிய அனுபவம் உண்டா?

கணக்கு டீச்சர்

பத்தாம் வகுப்பு, ஜூலை மாதம். இருபடிச் சமன்பாடு ஆரம்பிக்கலாம் என்று x² + 7x + 12 எழுதி, காரணிப்படுத்தச் சொன்னேன். பாதி வகுப்பு பேனாவையே திறக்கவில்லை. ஒரு பெண் மட்டும் எழுந்து, "மிஸ், இது லீவுக்கு முன்னாடி ரெண்டு நாள்தான் நடந்துச்சு. லீவு முடிஞ்சு வந்ததும் அடுத்த பாடத்துக்குப் போயிட்டாங்க" என்றாள்.

போன வருட ஒன்பதாம் வகுப்புத் திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். காரணிப்படுத்தலுக்கு எட்டு பீரியட், "முடிந்தது" என்று கையெழுத்து. அந்த எட்டில் மூன்று விளையாட்டு விழா ஒத்திகையில் போயிருக்கிறது, மூன்று மழை விடுமுறையில். மிச்சம் இரண்டு. ஆனால் கணமொழிக்கு ஒதுக்கிய பத்து பீரியடும் சார்ட், குழுச் செயல்பாடு எல்லாமாக முழுசாக நடந்திருக்கிறது. ஏனென்றால் அது புத்தகத்தில் முதல் பாடம்!

போர்ஷன் முடியவில்லை என்று யாரும் சொல்லவில்லை. எல்லாமே "முடிந்தது"தான். எந்தப் பாடம் நசுங்கியது என்பதை விடுமுறை தேதிதான் முடிவு செய்திருக்கிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததுண்டா? திட்டம் போடும்போதே எப்படித் தடுக்கிறீர்கள்?

சனிக்கிழமை சார்

டீச்சர், இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். எங்கள் பள்ளியில் ஒரு வருடம் அரையாண்டுக்கு முன்னால் ஒன்றரை வாரம் போய்விட்டது. தொடர்ந்து சனிக்கிழமை வகுப்பு வைத்தோம், நாள் கணக்கு சரியாகிவிட்டது. போன நாளைத் திருப்பிக் கொடுத்தால் போர்ஷன் தானாக வந்துவிடும்.

அறிவியல் ஆய்வகம்

நாள் திரும்ப வரும் சார், பீரியட் திரும்ப வராது. எங்கள் பள்ளியிலும் சனிக்கிழமை வைத்தார்கள். அன்று எந்த நாளின் கால அட்டவணை என்று யாரும் சொல்லவில்லை. யார் வந்திருக்கிறாரோ அவர் பாடம் எடுத்தார். திங்கட்கிழமைதான் அதிகம் விடுமுறை விழுந்த வருடம் அது. என் 'பி' பிரிவுக்கு ஆய்வகத்துக்கான இரட்டைப் பீரியட் திங்கள், 'ஏ' பிரிவுக்குப் புதன். பாதி வருடம் ஆவதற்குள் 'ஏ' பிள்ளைகள் குவிலென்ஸை வைத்துத் திரையில் தலைகீழ் பிம்பத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டார்கள். 'பி' பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் கதிர்ப்படம் வரைந்து காட்டினேன். அப்போது ஒரு பையன், "நாங்க திங்கக்கிழமை கிளாஸ்ங்கிறதால எங்களுக்கு மட்டும் படமா மிஸ்?" என்றான். இன்னும் அது காதில் இருக்கிறது.

இரண்டு பிரிவுக்கும் ஒரே வினாத்தாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு தலைமையாசிரியர்

கணக்கு டீச்சர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எனக்கு உறுத்திய சம்பவம் சின்னது. ஒரு இளம் ஆசிரியர் ஜூன் முதல் வாரம் தன் திட்டத்தைக் கொண்டுவந்தார். கடைசிப் பாடம் ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய நாள் முடிகிறது. "திருப்புதல் எப்போது?" என்றேன். "அதான் சார், வேகமா முடிச்சுட்டா நேரம் கிடைக்கும்ல" என்றார். அவர் அந்த நாள்களைக் கழித்துவிடவில்லை, கணக்கிலேயே எடுக்கவில்லை. அதற்குப் பிறகு நாள் கணக்கில் திட்டம் கொண்டுவந்தால் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அவருடன் உட்கார்ந்து போட்ட கணக்கைச் சொல்கிறேன். 210 வேலை நாள், தினம் ஒரு கணக்குப் பீரியட் என்றால் 210. மூன்று பெரிய தேர்வு, ஒவ்வொன்றும் எட்டு நாள்: 24 போயிற்று. ஒவ்வொரு தேர்வுக்கு முன்னும் திருப்புதல் ஐந்து, முடிந்ததும் விடைத்தாள் கொடுத்துத் தவறு விளக்க இரண்டு: இன்னும் 21. மிச்சம் 165. விழா, ஒத்திகை, ஆசிரியர் பயிற்சி என்று பழைய பதிவேடுகளைப் புரட்டினால் வருடம் 11 போகிறது. மழை, திடீர் அறிவிப்பு இவற்றுக்கு 9. மிச்சம் 145. புத்தகத்துக்கு அவர் ஒதுக்கியிருந்தது 152. பள்ளி திறப்பதற்கு முன்பே ஏழு பீரியட் பற்றாக்குறை! அது ஜூனில் தெரிந்தால் எதைக் குறைப்பது என்று நாம் தேர்ந்தெடுக்கலாம். நவம்பரில் தெரிந்தால் கையில் இருக்கும் பாடம்தான் வெட்டுப்படும்.

எதைக் குறைப்பது? ஒவ்வொரு பாடத்தின் மீதும் ஒரே கேள்வி கேட்டோம்: இது சரியாக நடக்காவிட்டால் அடுத்து எது விழும்? காரணிப்படுத்தல் விழுந்தால் இருபடிச் சமன்பாடும் விகிதமுறு கோவைகளும் சேர்ந்து விழும். அதில் கை வைக்கவே கூடாது. கணமொழியும் அடுத்த வருடச் சார்புகளுக்கு வேண்டும்தான், ஆனால் அடிப்படை போதும். அதனால் 10-ஐ 7 ஆக்கினோம். புள்ளியியல் 12-ஐ 9 ஆக்கி, தரவு சேகரிப்பை வீட்டுக்கு அனுப்பினோம். அளவியலில் ஒன்று எடுத்தோம். ஏழு சரியாகிவிட்டது.

அப்புறம் இடம். எந்த மாதத்தில் விடுமுறை குவிகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். போன வருடத் தேதியை அப்படியே நகல் எடுக்காதீர்கள். பிறைக் கணக்கில் வரும் பண்டிகை வருடம் சுமார் 11 நாள் முன்னால் நகரும். நீண்ட விடுமுறைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, பெரிய பாடம் அதற்குள் முழுசாக முடியும்படி வையுங்கள். பாடத்தின் நடுவில் பத்து நாள் விடுமுறை புகுந்தால், திரும்பி வந்ததும் இரண்டு பீரியட் பழையதை நினைவுபடுத்தவே போய்விடும். அது எந்தக் கணக்கிலும் வராத செலவு. விடுமுறைக்கு முன்னால் நாலு நாள் இடைவெளி மிஞ்சினால் புதிய பெரிய பாடத்தைத் தொடங்காமல், தனித்து நிற்கும் சின்னப் பகுதியைப் போடலாம். புத்தக வரிசை மாறுமே என்பார்கள். முன்தேவை இல்லாத பாடத்தை மாற்றலாம், ஆனால் காலாண்டுக்கு எந்தப் பாடம் என்று பொது வினாத்தாள் வரும் இடத்தில் அந்தப் பருவத்துக்குள்ளேயே மாற்ற வேண்டும்.

அந்த 9 பீரியடைச் சமமாகப் பங்கிடவில்லை. முதல் பருவத்துக்கு 2, நடுவில் 5, கடைசியில் 2. இழப்பு நடுவில்தான் குவிகிறது.

ஒரு அம்மா

விடுமுறை பற்றிப் பேசுகிறீர்களே, என் மகனுக்குப் பண்டிகை லீவில் மூன்று பாடத்தின் கேள்வி பதிலை எழுதிவரச் சொன்னார்கள். இரவு பத்து மணிக்கு அவன் எழுத, நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். பள்ளி திறந்ததும் யாரும் அந்த நோட்டைத் திருத்தவில்லை. விடுமுறையில் பிள்ளைகளை விட்டுவிட்டால் என்ன? சீக்கிரம் தூங்கட்டும், ஏதாவது கதைப் புத்தகம் கையில் கொடுங்கள், தோட்டத்தில் ஒரு செடி வைக்கச் சொல்லுங்கள், தினம் அதன் உயரத்தை அளந்து எழுதட்டும். பெரியவன் காலத்தில் இப்படித்தான் கொடுத்தார்கள், அவன் இன்னும் அந்த நோட்டை வைத்திருக்கிறான். ஆசிரியர்கள் யோசிக்க வேண்டும்.

கணக்கு டீச்சர்

அம்மா, நாங்கள் கேட்டது வீட்டுப்பாடம் பற்றி இல்லை. ஆனால் அந்த மூன்று பாடமும் திட்டத்தில் "நடத்தியாயிற்று" என்றுதான் பதிவாகியிருக்கும் என்று தோன்றுகிறது. அது எனக்குப் புதிதாகப் பட்டது.

இடைவெளி ரசிகன்

தலைமையாசிரியர் சொன்ன 9 பீரியடில் எனக்குச் சிக்கல். நானும் திட்டத்தில் வெற்றுப் பீரியட் விட்டேன். செப்டம்பரில் துணைத் தலைமையாசிரியர் வந்து, "உங்களுக்குத்தான் வியாழன் காலியா இருக்கே" என்று நடன ஒத்திகைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டார். நான் அந்த வகுப்பு வாசலில் நின்றேன், உள்ளே காலி பெஞ்சு! இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பீரியட் கூடுதலாக எழுதிவிடுகிறேன். யாருக்கும் தெரியாது.

ஓய்வு தலைமையாசிரியர்

உங்களுக்கே தெரியாமல் போய்விடும், அதுதான் பிரச்சினை. எட்டுக்கு ஒன்பது என்று எழுதினால் பாடம் ஒன்பதுக்கு நீண்டுவிடும். இன்னும் ஒரு எடுத்துக்காட்டு, இன்னும் ஒரு பயிற்சி. மழை வரும் நாளில் மீதி இருக்காது. காலி என்று எழுதாதீர்கள், "காரணிப்படுத்தல்: பின்தங்கிய மாணவர் பயிற்சி" என்று பெயர் போட்டு, செய்யவேண்டிய கணக்குகளையும் குறிப்பிட்டு வையுங்கள். நாள் இழந்தால் அந்தப் பீரியடை எடுத்துக்கொள்ளலாம். இழக்காவிட்டால் அந்தப் பயிற்சி நடக்கட்டும், நஷ்டமில்லை.

இடைவெளி ரசிகன்

பெயர் போட்டாலும் ஒத்திகைக்குக் கூப்பிடத்தான் செய்வார்கள் சார். நீங்கள் தலைமையாசிரியர் நாற்காலியில் இருந்து சொல்கிறீர்கள்.

சனிக்கிழமை சார்

ஆய்வக மேடம் சொன்னது நியாயம்தான். நாங்கள் வைத்த சனிக்கிழமைகளிலும் எண்ணிப் பார்த்தால் பாதிப் பேர்தான் வந்தார்கள். ஆனாலும் சனிக்கிழமையை "திங்கள் அட்டவணை" என்று அறிவித்து நடத்தினால் அந்த நாளின் கடன் அந்த நாளுக்கே போகும். அதை ஜூனிலேயே நாட்காட்டியில் அச்சடித்துவிட்டால் பெற்றோரும் அனுப்புவார்கள். கடைசி நேரத்தில் குறுஞ்செய்தி அனுப்பினால் யார் வருவார்?

அறிவியல் ஆய்வகம்

இது ஒத்துக்கொள்கிறேன். இன்னொரு வழியும் உண்டு. கல்லூரிகளில் "டே ஆர்டர்" வைப்பார்கள். கிழமை என்பதே கிடையாது, முதல் நாள், இரண்டாம் நாள் என்று ஆறு வரை ஓடும். இரண்டாம் நாள் முடிந்து மறுநாள் விடுமுறை என்றால், திறக்கும் அன்று மூன்றாம் நாள் அட்டவணை. திங்கள் என்றாலே அடிவாங்கும் பிரிவு என்று ஒன்று இருக்காது. நாங்கள் எட்டு, ஒன்பது வகுப்புகளுக்கு மட்டும் சோதித்தோம், ஏ, பி இடையே வித்தியாசம் ஓரிரு பீரியடுக்குள் நின்றது. காலையில் "இன்று என்ன நாள்" என்று வாசலில் பலகை வைக்க வேண்டும், இல்லையென்றால் பாதிப் பேர் தப்பான புத்தகத்தோடு வருவார்கள்.

எங்களுக்குத் தீராதது வேறு. ஓவிய ஆசிரியர் வாரத்தில் செவ்வாய், வெள்ளி மட்டும்தான் வருகிறார். அட்டவணை நகர்ந்தால் அவர் வரும் நாளில் ஓவியம் இருக்காது, ஓவியம் இருக்கும் நாளில் அவர் இருக்கமாட்டார். அவருடைய பீரியடை மட்டும் கிழமையோடு கட்டினால், அதோடு மோதும் கணக்குப் பீரியடை எங்கே வைப்பது? பகுதிநேர ஆசிரியர்களை வைத்துக்கொண்டு டே ஆர்டர் நடத்துபவர்கள் யாராவது இருக்கிறீர்களா?