வாட்ஸ்அப் 23 ஜிபி: ஃபார்வர்டு வீடியோ போகணும், அளவு எழுதின சாட் இருக்கணும்

முத்தியால்பேட்டை தையல்
புதுச்சேரியில் பிளவுஸ் தைக்கிற கடை வச்சிருக்கேன். போன் ஆண்ட்ராய்டு, 64 ஜிபி. நேத்து முடிச்ச ஆரி வேலையைப் படம் எடுக்கப் போனா இடமில்லைன்னு சொல்லிடுச்சு. செட்டிங்ஸில் பார்த்தா வாட்ஸ்அப் மட்டும் 23 ஜிபி. வைத்திக்குப்பம் மாசிமகத்து வீடியோ ஒண்ணே அஞ்சு குரூப்பில் வந்திருக்கு. குட் மார்னிங் வீடியோவைக் கேக்கவே வேணாம்.

எல்லாத்தையும் அழிக்கத் தயார். ஆனா கஸ்டமருங்க டிசைன் படம் அனுப்பி, அதுக்குக் கீழேயே "பின் கழுத்து 9, கை 11, நாட் வேணும்"னு எழுதுவாங்க. நோட்டில் ஏத்தாம விட்டது நிறைய இருக்கு. அந்த வரிங்க போயிட்டா நான் தொலைஞ்சேன். எப்படிப் பண்றது?

லாஸ்பேட்டை தம்பி
ரொம்ப சிம்பிள்க்கா. கேலரிக்குப் போங்க, வாட்ஸ்அப் வீடியோ ஆல்பத்தைத் திறங்க, எல்லாத்தையும் செலக்ட் பண்ணி டெலீட் அடிங்க. சாட் ஒண்ணும் ஆகாது. நான் மாசாமாசம் இதான் பண்றேன்.

வில்லியனூர் ரிட்டையர்டு
அம்மா, ஆட்டோ டவுன்லோடை நிறுத்தி வையுங்கள். எனக்கு தினமும் 1.5 ஜிபி டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துபோகும். நிறுத்திய பிறகு ராத்திரி வரை வருகிறது.

முத்தியால்பேட்டை தையல்
ஐயா, டேட்டா பிரச்சினை இல்லை, கடையில் வைஃபை இருக்கு. போனில்தான் இடமில்லை.

ஓ.டி. சர்வீஸ்
கடலூர் ஓ.டி.யில் போன் சர்வீஸ் பண்றேன். உங்க விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்குங்க மேடம், அதை முதல்ல சொல்லிடறேன்.

அழிக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, வாட்ஸ்அப்புக்குள்ளேயே செட்டிங்ஸ், Storage and data, Manage storage. அங்கே அழிச்சா வீடியோ மட்டும் போகாது, அந்த மெசேஜே சாட்டிலிருந்து போயிடும். படத்துக்குக் கீழே எழுதின வரியும் சேர்ந்து போகும். தனி மெசேஜா அனுப்பின எழுத்துக்கு ஒண்ணும் ஆகாது. இன்னொண்ணு, ஃபைல் மேனேஜரில் போய் ஃபைலை மட்டும் அழிக்கிறது. அப்போ மெசேஜும் கீழே எழுதினதும் அப்படியே நிக்கும், படம் இருந்த இடம் மங்கலா டவுன்லோடு அம்புக்குறியோட தெரியும். பழைய ஃபைலா இருந்தா அதைத் தட்டினாலும் திரும்ப இறங்காது, அனுப்பினவங்களைத்தான் மறுபடி கேக்கணும்.

அதனால குப்பைக்கு முதல் வழி, கஸ்டமர் சாட்டுக்கு ரெண்டாவது வழி. நம்பிக்கை இல்லைன்னா ஏதாவது ஒரு சாட்டில் ஒரே ஒரு படத்தை வச்சு ரெண்டையும் பண்ணிப் பாருங்க.

Manage storage மேலேயே Forwarded many times, Larger than 5 MB னு ரெண்டு பெட்டி இருக்கும். முதல் பெட்டியைத் திறங்க. கைமாறிக் கைமாறி வந்தது மட்டும்தான் அதில் சேரும். கஸ்டமர் தன் போனில் எடுத்து நேரா அனுப்பின படம் அங்கே வராது. ஆனா எங்கேயோ சுத்தின டிசைன் படத்தை அவங்க உங்களுக்குத் தள்ளிவிட்டிருந்தா வரும். அதனால மொத்தமா செலக்ட் பண்ணினாலும், அழிக்கிறதுக்கு முன்னாடி பிளவுஸ் படம் எதாவது கண்ணில் படுதான்னு ஒரு ஓட்டு ஓட்டிப் பாருங்க.

எதைத் தட்டினாலும் Clear chat பக்கம் மட்டும் போகாதீங்க. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் Clear data வும் வேணாம். Clear cache தட்டலாம், ஆனா பெரிசா ஒண்ணும் தேறாது.

முத்தியால்பேட்டை தையல்
நான் அவசரப்பட்டு முதல்ல சொந்தக்காரங்க குரூப்பில் போய் வீடியோ எல்லாத்தையும் அழிச்சேன். அந்த குரூப்புக்கு நேரா 3.2 ஜிபின்னு காட்டுச்சு. அழிச்சதும் போனில் கூடின இடம் 400 எம்பி கூட இல்லை! மீதி எங்கே போச்சு?

ஓ.டி. சர்வீஸ்
எங்கேயும் போகலைங்க, இருந்த இடத்திலேயே இருக்கு. ஒரே வீடியோ அச்சுப் பிசகாம அஞ்சு குரூப்பில் வந்தா, வாட்ஸ்அப் பெரும்பாலும் அஞ்சு தடவை இறக்காது. ஒரு ஃபைலை வச்சுக்கிட்டு அஞ்சு சாட்டிலிருந்தும் அதையே காட்டும். ஒரு குரூப்பில் அழிச்சா மிச்ச நாலு பேர் அதைப் பிடிச்சிருக்காங்க, ஃபைல் நகராது. கடைசி ஆள் விட்டாத்தான் இடம் வரும். அதனாலதான் குரூப் குரூப்பா போகாம அந்த மேல் பெட்டியில் அழிக்கச் சொன்னேன், எல்லா சாட்டும் அங்கே ஒண்ணா வரும். அழிக்கும்போது எல்லா காப்பியையும் அழிக்கவான்னு கேட்டா ஆமான்னு சொல்லுங்க.

அதே வீடியோவை யாராவது வெட்டியோ, மேலே பேர் போட்டோ அனுப்பியிருந்தா அது வேற ஃபைல் கணக்கு. அதெல்லாம் தனித்தனியாத்தான் போகணும்.

முத்தியால்பேட்டை தையல்
பண்ணிட்டேன். 23-லிருந்து 15.5 ஆச்சு. ரெண்டு பிளவுஸ் படம் நடுவில் இருந்துச்சு, நல்ல வேளை பார்த்தேன்.

லாஸ்பேட்டை தம்பி
மிச்சத்துக்கு கேலரி வழிதான்க்கா. ஓ.டி. அண்ணன் சொன்ன ரெண்டாவது வழியும் அதானே?

ஓ.டி. சர்வீஸ்
பாதி சரி தம்பி. கேலரியில் அழிச்சா நிறைய போனில் அது குப்பைத்தொட்டிக்குப் போய் 30 நாள் உட்கார்ந்திருக்கும், அதையும் காலி பண்ணாத்தான் இடம் வரும். போட்டோ கிளவுடோட சேர்ந்திருக்கிற கேலரியா இருந்தா அங்கேயும் சேர்ந்து போயிடலாம். அதை விடு, மேடமுக்கு மிச்ச பாரம் கேலரியில் தெரியாத இடத்தில் இருக்கும்.

மேடம், நீங்க தைச்ச பிளவுஸை வீடியோ எடுத்து கஸ்டமருக்கு அனுப்புவீங்கதானே? அனுப்பும்போது சுருக்கின காப்பி ஒண்ணு Sent ஃபோல்டரில் தங்கிடும். கேமராவில் அசல், இங்கே நகல். இந்த ஃபோல்டர் கேலரிக்கு வராது. ஃபைல் மேனேஜரில் இங்கே போங்க:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Video/Sent
```

முத்தியால்பேட்டை தையல்
அந்த ஃபோல்டரே இல்லைங்களே.

ஓ.டி. சர்வீஸ்
பிசினஸ் வாட்ஸ்அப்பா? அப்படின்னா `com.whatsapp.w4b` உள்ளே பாருங்க. மிச்சம் அதே மாதிரிதான், WhatsApp இருக்கிற இடத்தில் WhatsApp Business, WhatsApp Video இருக்கிற இடத்தில் WhatsApp Business Video னு இருக்கும்.

முத்தியால்பேட்டை தையல்
ஆமாங்க, கடை போர்டு படத்தோட இருக்கிற பச்சை B. கண்டுபிடிச்சேன். Sent மட்டும் 4.8 ஜிபி!! எல்லாம் நானே எடுத்த வீடியோ. நாலஞ்சு திறந்து பார்த்து, கேமராவிலும் இருக்குன்னு உறுதி பண்ணிட்டு அழிச்சேன். கஸ்டமர் சாட்டில் "மேடம் ரெடி, 650"னு நான் எழுதினது அப்படியே இருக்கு, வீடியோ மட்டும் மங்கிப்போச்சு. இப்போ 10.7.

படங்களையும் இப்படி அழிக்கட்டுமா?

ஓ.டி. சர்வீஸ்
வேணாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமா வர்ற படம் ஒண்ணு சில நூறு கேபிதான். ஆயிரம் படத்தை அழிச்சாலும் சில நூறு எம்பி, அதுக்காக டிசைன் எல்லாத்தையும் இழக்கணும். வீடியோவோட நிறுத்துங்க.

Databases ஃபோல்டரை மட்டும் ஒரு பார்வை பாருங்க. தேதி போட்ட `msgstore` ஃபைல்கள் இருக்கும், சாட்டோட பழைய நகல்கள், ஒரு வாரத்துது. தேதி போடாத ஒண்ணுதான் புதுசு, அதைத் தொடாதீங்க. தேதி போட்டதை அழிக்கலாம், ஆனா ராத்திரிக்கு ராத்திரி மறுபடி சேரும். அவசரத்துக்கு மட்டும்தான் அது.

முத்தியால்பேட்டை தையல்
ஆறு ஃபைல், ஒவ்வொண்ணும் 190 எம்பி. வச்சுக்கறேன், பயமா இருக்கு. கேமரா திறந்துடுச்சு, இன்னிக்கு அது போதும். வில்லியனூர் ஐயா சொன்ன ஆட்டோ டவுன்லோடையும் வீடியோவுக்கு நிறுத்திட்டேன், வைஃபையிலும் சேர்த்து.

வில்லியனூர் ரிட்டையர்டு
நல்லதம்மா. என் மகள் ஐபோன் வைத்திருக்கிறாள். அதில் இந்த Sent ஃபோல்டரைத் தேடினேன், கண்ணுக்கே படவில்லை.

ஓ.டி. சர்வீஸ்
ஐபோனில் அந்த ஃபோல்டருக்குள்ள நம்மளை விடாதுங்க ஐயா. Manage storage மட்டும்தான் வழி. எழுத்தை விட்டு ஃபைலை மட்டும் அழிக்க அங்கே எனக்கு வழி சிக்கலை. யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, கடைக்கு வாரத்துக்கு ரெண்டு பேர் இதையே கேட்டு வர்றாங்க.