வேறு ஆளுக்குப் போன இன்வாய்ஸ்: மன்னிப்பு மெயிலைத் திருத்தித் தருவீர்களா?

உப்புவெளி லாண்டரி:
உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளுக்குப் படுக்கை விரிப்பு கழுவிக் கொடுக்கிறோம். இன்று காலை ஒரு விடுதியின் இன்வாய்ஸை இன்னொரு விடுதி முகாமையாளருக்கு அனுப்பிவிட்டேன். இருவருக்கும் ஒரே பெயர். முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் ஜிமெயில் காட்டிய முகவரியை அழுத்திவிட்டேன். பத்து நிமிடம் கழித்துத்தான் கண்டேன், மீட்க வழியில்லை. எழுதி வைத்திருப்பது இது:

"மதிப்புக்குரிய ஐயா, சற்று முன் அனுப்பிய இன்வாய்ஸ் தவறுதலாக வந்துவிட்டது. அது உண்மையில் கடற்கரைப் பக்கத்து இன்னொரு விடுதிக்குரியது. எங்கள் கவனயீனத்துக்கு மிகவும் மிகவும் வருந்துகிறோம். ஆயிரம் முறை மன்னிப்புக் கேட்கிறோம். தயவுசெய்து அந்த இன்வாய்ஸைக் கணக்கில் எடுக்க வேண்டாம்."

இது போதுமா?

நிலாவெளி தம்பி:
அக்கா, அந்த இன்வாய்ஸை ரத்துச் செய்துவிட்டுப் புது இலக்கத்தில் இன்னொன்று போடுங்கள். அப்போதுதான் கணக்கு சுத்தமாக இருக்கும்.

மீன்வாடி:
எனக்கு இதைவிட மோசம். மீன் பில்லை வாட்ஸ்அப்பில் மாமனாருக்கு அனுப்பிவிட்டேன். உடனே அழித்தேன், ஆனால் "அழிக்கப்பட்டது" என்று அங்கே எழுதி நிற்குமே! என்ன அழித்தாய் என்று மூன்று நாள் கேட்டார். நீங்களும் வாட்ஸ்அப்பில் அழித்துவிடலாமே?

உப்புவெளி லாண்டரி:
அண்ணை, நான் அனுப்பியது மெயிலில்.

பழைய கணக்காளர்:
தங்கச்சி, ஒரு கேள்வி. இந்த முகாமையாளரும் உங்கள் வாடிக்கையாளர்தானே? அவருக்கு அண்மையில் அனுப்பிய இன்வாய்ஸ் ஏதும் பணம் வராமல் நிற்கிறதா?

உப்புவெளி லாண்டரி:
ஆம் ஐயா. INV-0415, 220 விரிப்பு, 24,200 ரூபா. தவறிப் போனது INV-0418, 430 விரிப்பு, 38,700 ரூபா.

பழைய கணக்காளர்:
அப்போ சிக்கல் அங்கேதான். உங்கள் மெயிலில் இலக்கமே இல்லை. "அந்த இன்வாய்ஸ்" என்றால் எது? அவர் 0415-ஐயும் ஒதுக்கி வைத்துவிட்டு, "நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள்" என்பார். எது செல்லாது, எது செல்லும் என்று இரண்டையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

அடுத்தது, மற்ற விடுதியை அடையாளம் காட்டும் சொல் வேண்டாம். கோப்பைத் திறந்தவருக்கு அது தெரிந்திருக்கும், நீங்கள் இன்னொரு தரம் சொல்லத் தேவையில்லை. மன்னிப்பை ஒரு தரம் கேட்டால் போதும். ஆயிரம் முறை என்றால் ஏதோ பெரிய விபத்து போல இருக்கிறது.

தம்பி சொன்னது பாதி சரி. இன்வாய்ஸிலேயே பெயரோ தொகையோ பிழை என்றால் ரத்துச் செய்ய வேண்டும். இங்கே தாள் சரி, போன வாசல்தான் பிழை. அதே 0418-ஐ உரியவருக்கு அனுப்பலாம். அனுப்பினீர்களா?

உப்புவெளி லாண்டரி:
ஐயோ, இல்லை! இந்தப் பதற்றத்தில் மறந்தே போனேன். இப்போதே அனுப்புகிறேன். அதில் 14 நாள் தவணை வேறு ஓடுகிறது.

பழைய கணக்காளர்:
சரி. மன்னிப்பைத் தவறிய மெயிலுக்கே பதிலாகப் போடுங்கள். அவருடைய பெட்டியில் அதன் கீழேயே நிற்கும். தலைப்பை மாற்றினால் ஜிமெயிலில் தனியாகப் பிரிந்துவிடும். கோப்பைத் திரும்ப இணைக்க வேண்டாம்.

"வணக்கம் ஐயா. இன்று காலை 9.20-க்கு உங்களுக்கு வந்த INV-0418 (38,700 ரூபா) உங்களுடையதல்ல. எங்கள் தவறால் வந்துவிட்டது, மன்னிக்கவும். அதற்கு நீங்கள் பணம் செலுத்த வேண்டியதில்லை. மெயிலையும் கோப்பையும் அழித்துவிடுங்கள். உங்கள் கணக்காளருக்கோ உரிமையாளருக்கோ அனுப்பியிருந்தால் அவர்களுக்கும் தெரிவியுங்கள். உங்களுக்குரிய INV-0415 (24,200 ரூபா) வழமைபோல் செல்லும். அழித்ததும் ஒரு வரி பதில் போட்டால் உதவியாக இருக்கும்."

நேரத்தை உங்களுடையபடி மாற்றுங்கள். கணக்காளர் வரி முக்கியம். முகாமையாளர் பார்க்காமலே முன்னனுப்பியிருந்தால் பணம் கட்டுவது வேறொருவர்.

உப்புவெளி லாண்டரி:
அனுப்பிவிட்டேன் ஐயா. சொல்லாத ஒன்று இருக்கிறது. மற்ற விடுதிக்கு விரிப்புக்கு 90 ரூபா, இவருக்கு 110. தொகையைப் பெருக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதையும் விளக்கியிருக்க வேண்டுமா?

பழைய கணக்காளர்:
நான் என்றால் விளக்கமாட்டேன். கேட்காததற்குப் பதில் சொன்னால் கேட்க வைத்துவிடும். கூட விரிப்புத் தருபவருக்குக் குறைந்த விலை என்பது நியாயம்தான், கேட்டால் சொல்லலாம்.

நிலாவெளி தம்பி:
எனக்கு அது சரியாகப் படவில்லை. முதலிலேயே சொன்னால் நேர்மையாக இருக்கும்.

உப்புவெளி லாண்டரி:
பதில் வந்துவிட்டது. "அழித்துவிட்டேன், கணக்காளருக்கும் சொல்லிவிட்டேன். நாளை அந்தப் பக்கம் வரும்போது விலை பற்றிக் கொஞ்சம் கதைப்போம்."