ஏப்ரல் கணக்கில் தேதி 45295 என்று வருகிறது, சரிசெய்தால் ஜனவரி ஆகிறது

தேன்மொழி_கணக்கு:
எங்கள் ஊர் பால் சங்கத்தின் ஏப்ரல் 2024 கொள்முதல், நாளுக்கு ஒரு வரி. மென்பொருளிலிருந்து CSV ஆக இறக்கி எக்செல் கோப்பாக மாற்றுகிறோம். மாதத் தாளில் தேதிக்குப் பதில் 45295, 45326 என்று எண்கள். தேதி வடிவத்துக்கு மாற்றினால் முதல் வரி 04-01-2024 ஆகிறது, அது 1 ஏப்ரலாக இருக்க வேண்டும். 13-ஆம் தேதிக்கு மேல் உள்ளவை எந்த வடிவத்துக்கு மாற்றினாலும் அசையவில்லை. எப்படிச் சரிசெய்வது?

சேலம்காரன்:
இதில் குழம்ப ஒன்றுமில்லை. விண்டோஸில் Region என்று தேடித் திறந்து, வடிவத்தை English (India) என்று மாற்றுங்கள். அமெரிக்க அமைப்பு இருந்தால் மாதத்தை முதலில் படிக்கும், அதனால்தான் இந்தப் பிரச்சினை. எங்கள் அலுவலகத்தில் புதுக் கணினி வரும்போதெல்லாம் முதலில் இதைத்தான் செய்வோம்.

வரிசை_எண்:
சேலம்காரன் சொல்லும் காரணம் சரி, மருந்து பாதிதான். அந்த அமைப்பு இனிமேல் திறக்கப்போகும் கோப்பை எப்படிப் படிப்பது என்பதைத்தான் மாற்றும். ஏற்கெனவே தப்பாகப் படித்துச் சேமித்துவிட்ட தேதி உள்ளே எண்ணாக உட்கார்ந்திருக்கிறது, அதை அது தொடாது.

அந்த எண்களையே பாருங்கள். எக்செல் 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து நாட்களை எண்ணிக்கொண்டே வருகிறது. அந்தக் கணக்கில் 1 ஏப்ரல் 2024 என்பது 45383. உங்கள் தாளில் இருப்பது 45295, அதாவது 4 ஜனவரி. அடுத்தது 45326, 4 பிப்ரவரி. எண்ணாகத் தெரிவது வெறும் தோற்றம், வடிவத்தை மாற்றினால் தீர்ந்துவிடும். நாளும் மாதமும் இடம் மாறியது அப்படியல்ல, மதிப்பே கெட்டுவிட்டது. இரண்டும் ஒரே கட்டத்தில் சேர்ந்து வந்ததால்தான் ஒன்றைச் சரிசெய்தவுடன் இன்னொன்று வெளியே தெரிந்தது.

தேதிப் பத்தியை வரிசைப்படுத்திப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1 முதல் 12 வரை உள்ள நாட்கள் ஜனவரி 4, பிப்ரவரி 4 என்று டிசம்பர் 4 வரை போயிருக்கும், அதில் ஏப்ரல் 4 மட்டும் தற்செயலாகச் சரியாக இருக்கும். 13 முதல் 30 வரை உள்ள 18 வரிகள், பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், தேதியாகவே ஏறாமல் வெறும் எழுத்தாக நின்றுவிட்டன. அதனால்தான் அவை இடப்பக்கம் ஒட்டியிருக்கின்றன, எந்த வடிவத்துக்கும் அசைவதில்லை.

ஒரு கேள்வி. கோப்பை மாற்றும் கணினியில் Region இப்போது என்னவாக இருக்கிறது?

தேன்மொழி_கணக்கு:
அண்ணா, அது ஏற்கெனவே English (India)தான். CSV-ஐ நேரே இரண்டு முறை தட்டித் திறந்தால் தேதி ஒழுங்காக வருகிறது. மாதத் தாளில் ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள், அதை அழுத்தினால் அதுவே கோப்பைத் திறந்து தாளில் நிரப்பும். அதில்தான் இப்படி.

பழைய_மேக்:
எனக்கும் இதேதான் வந்தது. பழைய ஆப்பிள் கணினியில் செய்த கோப்பிலிருந்து தேதிகளை நகலெடுத்துப் புதுக் கோப்பில் ஒட்டினால் எல்லாம் நான்கு வருடம் பின்னால் போய்விட்டது. 1462-ஐக் கூட்டினேன், சரியாகிவிட்டது. நீங்களும் அதைச் செய்து பாருங்கள்.

வரிசை_எண்:
பழைய_மேக், உங்களுடையது வேறு. பழைய மேக் எக்செல் 1904-லிருந்து எண்ண ஆரம்பிக்கும், அதனால் எல்லாத் தேதியும் ஒரே அளவு, நான்கு வருடமும் ஒரு நாளும், நகரும். தேன்மொழியின் தாளில் ஒவ்வொரு வரியும் வெவ்வேறு தூரம் போயிருக்கிறது, ஒன்று மட்டும் நகரவே இல்லை. இங்கே 1462-ஐக் கூட்டினால் சரியாக இருக்கும் ஏப்ரல் 4-ம் கெடும்.

தேன்மொழி, பட்டன் என்றதுமே விஷயம் பிடிபட்டுவிட்டது. மேக்ரோ வழியாக CSV திறக்கும்போது எக்செல் உங்கள் கணினியின் அமைப்பைப் பார்க்காது, அமெரிக்க முறையில்தான் படிக்கும். கையால் திறந்தால் சரியாகவும் பட்டனில் தப்பாகவும் வருவது அதனால்தான். மேக்ரோவில் `Workbooks.Open` என்ற வரியைத் தேடி இப்படி மாற்றுங்கள்:

```
Workbooks.Open Filename:=p, Local:=True
```

`p` என்ற இடத்தில் உங்கள் மேக்ரோவில் ஏற்கெனவே என்ன பெயர் இருக்கிறதோ அதை விட்டுவிடுங்கள். தேதியை எடுத்து எழுதும் வரியில் `.Value2` என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அது தேதியைத் தேதியாக எடுக்காமல் உள்ளே இருக்கும் எண்ணை அப்படியே எடுத்து வரும், பொது வடிவத்தில் இருக்கும் கட்டத்தில் போட்டால் 45295 என்றுதான் தெரியும். அதை `.Value` ஆக்கினால் போதும்.

அப்புறம் கெட்ட தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு மூல CSV-யிலிருந்து மறுபடி நிரப்புங்கள். கெட்ட பத்தியை நோண்ட வேண்டாம்.

ராஜபாளையம்_பி:
கடைசி வரியை ஏற்க முடியவில்லை. மூலக் கோப்பு எப்போதும் கையில் இருக்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பாதி இடங்களில் இறக்கிய CSV-ஐ அன்றைக்கே அழித்துவிடுவார்கள், மென்பொருளும் பழைய மாதத்தைத் தராது. என்ன நடந்தது என்று துல்லியமாகத் தெரிந்திருக்கும்போது திருப்பிப் போட ஒரு வாய்பாடு போதும்:

```
=IF(ISNUMBER(A2),DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)),DATE(RIGHT(TRIM(A2),4),MID(TRIM(A2),4,2),LEFT(TRIM(A2),2)))
```

எண்ணாக இருந்தால் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றும், எழுத்தாக இருந்தால் துண்டு துண்டாக எடுத்துத் தேதியாக்கும். பக்கத்துப் பத்தியில் போட்டு, பிறகு மதிப்பாக மட்டும் ஒட்டிக்கொள்ளலாம்.

வரிசை_எண்:
யாரும் கை வைக்காத பத்தியில் இது வேலை செய்யும். என் பயம், நடுவில் யாரோ ஒருவர் சில வரிகளைக் கையால் திருத்தியிருப்பார் என்பதுதான், கணக்கு அலுவலகங்களில் இது நடக்காமல் இருப்பதில்லை. திருத்திய வரியை உங்கள் வாய்பாடு மறுபடி கெடுக்கும், பிழை என்றும் காட்டாது. 13-ஆம் தேதிக்கு மேல் ஒரு வரியை யாராவது சரியான தேதியாகத் தட்டியிருந்தால், உதாரணமாக 25 ஏப்ரல், அங்கே `DATE(2024,25,4)` என்று ஆகிறது. எக்செல் அதை மறுக்காது, 25-ஆவது மாதத்தைத் தொடர்ந்து எண்ணி 4 ஜனவரி 2026 என்று கொடுத்துவிடும்.

ராஜபாளையம்_பி:
அதற்குக் காவல் போடலாமே, `DAY(A2)>12` என்றால் தொடாதே என்று.

வரிசை_எண்:
25-க்குக் காவல் இருக்கும். 5 ஏப்ரல் என்று கையால் திருத்தியதற்கு என்ன செய்வீர்கள்? அதை மே 4 ஆக்கிவிடும்.

தேன்மொழி_கணக்கு:
`Local:=True` போட்டேன், ஏப்ரல் முப்பது வரியும் சரியாக வந்துவிட்டது! `.Value2`-ம் இருந்தது, மாற்றிவிட்டேன். ஆனால் மார்ச் மாதத்துக்கு மூல CSV இல்லை, பட்டன் வைத்து நிரப்பிய தாள் மட்டும்தான். அதில் எனக்கு முன்னால் இருந்த அக்கா சில வரிகளைத் திருத்தியிருக்கிறார்கள், எவை என்று தெரியாது. நீங்கள் இருவரும் பேசுவது அப்படியே என் மார்ச் தாள்தான்.

ராஜபாளையம்_பி:
அப்படியென்றால் மார்ச்சுக்குக் காவலை வேறு மாதிரி வைக்க வேண்டும், 12-ஐ வைத்து இல்லை. அது முழுக்க ஒரே மாதத்தின் தாள். இடம் மாறிய வரி எதுவாக இருந்தாலும் அதன் நாள் 3 ஆகத்தான் இருக்கும், ஜனவரி 3, பிப்ரவரி 3 என்று. சரியான வரியாக இருந்தால், அக்கா திருத்தியதும் சேர்த்து, அதன் மாதம் 3. இரண்டும் சேர்வது மார்ச் 3 மட்டும், அது எப்படியும் சரிதான். ஆகவே:

```
=IF(MONTH(A2)=3,A2,DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)))
```

எழுத்தாக நிற்கும் வரிகளுக்கு முன்பு கொடுத்ததன் பின்பாதியைப் பயன்படுத்துங்கள். யார் எதைத் திருத்தினார்கள் என்று தெரிந்திருக்கவே வேண்டாம்.

வரிசை_எண்:
ஒரே மாதத் தாளுக்கு இது சரி, என் ஆட்சேபம் இங்கே நிற்காது. எதற்கும் முடித்தபின் ரசீது எண்படி வரிசைப்படுத்தி, பக்கத்தில் `=B3<B2` என்று இழுத்து விடுங்கள், B-யில் புதுத் தேதி இருப்பதாக வைத்துக்கொண்டு. எங்காவது TRUE வந்தால் தேதி பின்னோக்கிப் போயிருக்கிறது, அந்த ரசீதை எடுத்துப் பாருங்கள்.

சேலம்காரன்:
ஒரு சந்தேகம். எங்களிடம் CSV இருக்கிறது, ஆனால் அதையே யாரோ எக்செலில் திறந்து மறுபடி சேமித்துவிட்டார்கள் போல. அதை நம்பலாமா?

வரிசை_எண்:
நோட்பேடில் திறந்து பாருங்கள், எக்செலில் வேண்டாம். CSV-யில் சேமிக்கும்போது திரையில் தெரிவதுதான் எழுதப்படும். அமெரிக்க அமைப்பில் திறந்து சேமித்திருந்தால் 12 வரையுள்ள நாட்களில் முன்னால் இருக்கும் பூஜ்ஜியம் போய் `1/4/2024` என்று இருக்கும், 13-க்கு மேல் `13/04/2024` என்று பூஜ்ஜியத்தோடு இருக்கும். அப்படி இருந்தால் எக்செல் கை வைத்திருக்கிறது, ஆனால் நாள், மாத வரிசை இன்னும் பழையபடிதான், இந்திய அமைப்பில் படித்தால் மீண்டுவிடும். நடுவில் தேதி வடிவத்தை மாற்றிவிட்டுச் சேமித்திருந்தால்தான் சிக்கல். குறிப்பாக நாளும் மாதமும் மட்டும் காட்டும் வடிவம் என்றால் வருடமே கோப்பில் இருக்காது.

ராஜபாளையம்_பி:
அதனால்தான் சேமிக்கும் முன் பத்தியை `yyyy-mm-dd` வடிவத்துக்கு மாற்றச் சொல்கிறேன். அதை எந்த ஊர் அமைப்பிலும் ஒரே மாதிரிதான் படிக்கும்.

தேன்மொழி_கணக்கு:
மார்ச் முடிந்தது, TRUE ஓர் இடத்தில் வந்தது, அது அக்கா தட்டியதில் தப்பு, ரசீதைப் பார்த்து மாற்றிவிட்டேன். இனி மிச்சம் போன வருடத்து மொத்தத் தாள், பன்னிரண்டு மாதமும் ஒரே பத்தியில், அதிலும் கைத்திருத்தம் உண்டு. அங்கே `MONTH` காவல் உதவாது அல்லவா?

வரிசை_எண்:
உதவாது. ரசீது வரிசையை வைத்து, முன்னும் பின்னும் உள்ள தேதிகளுக்கு நடுவில் எது பொருந்துகிறதோ அதை எடுக்கலாம். பொருந்தாத வரிகளுக்கு நிறம் போட்டு ஏட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வாய்பாட்டால் ஊகித்து நிரப்புவதை நான் ஏற்க மாட்டேன்.

ராஜபாளையம்_பி:
ரசீது எண் ஒழுங்காகப் போயிருந்தால் அந்தப் பொருத்தத்தையே வாய்பாடாக எழுதலாம், அது ஊகம் ஆகாது. தேன்மொழி, ரசீது எண் வருடம் முழுக்கத் தொடர்ச்சியா, இல்லை மாதா மாதம் 1-லிருந்து ஆரம்பிக்கிறதா? அதைச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் வழி இருக்கிறதா என்று பார்க்க முடியும்.