பத்தி இல்லாமல் கேள்விகள் மட்டும் வந்திருக்கின்றன, யாரிடமாவது பத்தி இருக்கிறதா?

வணக்கம். தமிழ் வீட்டுப்பாடமாக நேற்று அனுப்பிய படத்தில் "பத்தியைப் படித்து விடையளி" என்று மேலே இருக்கிறது, கீழே நேராக 6ஆம் கேள்வி தொடங்குகிறது. முந்தைய பக்கம் வரவில்லை போலும். என் மகள் எட்டு மணியிலிருந்து அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கேள்விகளை வைத்துப் பார்த்தால் பத்தி கல்லணையைப் பற்றியது. 6ஆவது, கட்டிய மன்னர் யார் என்பது. கரிகாலன் என்று பத்தி இல்லாமலே எழுதிவிடலாம். 9ஆவது 'பேரணை' என்பதைப் பிரித்து எழுதுவது. அதையும் பெருமை + அணை என்று எழுதிவிட்டாள்.

சிக்கல் 7, 8, 10இல்தான். 7ஆவது அணையின் நீளம் கேட்கிறது. இணையத்தில் ஒரு இடத்தில் 1079 அடி, இன்னொரு இடத்தில் 1080. பத்தியில் உள்ள எண்ணை எழுதினால்தானே மதிப்பெண்? 8ஆவது "ஆசிரியர் எதைக் கண்டு வியக்கிறார்?" என்பது. மணலில் புதைந்த பாறை அடித்தளமா, வளைந்த அமைப்பா என்று ஊகித்து எழுத எனக்கு மனமில்லை. 10ஆவது தலைப்பு தருவது, பத்தி முழுதும் தெரியாமல் அது முடியாது.

முதல் பக்கம் வந்தவர்கள் தயவுசெய்து படம் எடுத்துப் போடுங்கள். பத்தியின் கடைசி வரி வெட்டுப்படாமல் இருக்கட்டும். அப்புறம், 1 முதல் 5 வரையிலான கேள்விகளும் அதே பக்கத்தில்தான் இருக்க வேண்டும், அவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். நாளை காலை நோட்டை வைக்க வேண்டும்.