பாதியில் நிற்கும் மைக்ரோவேவ்: கதவு சுவிட்ச் அனுபவங்கள்

தேன்மொழி: எங்கள் வீட்டு மைக்ரோவேவ் சில வாரங்களாக ஓடும்போதே நின்றுகொண்டிருந்தது. மீதி நேரம் திரையில் அப்படியே நிற்கும், உள்ளே லைட் எரியும். கதவைத் திறந்து மூடி ஸ்டார்ட் அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். முதலில் வந்த சர்வீஸ்காரர் கண்ட்ரோல் போர்டு போய்விட்டது என்றார். ஆனால் கதவின் வலது ஓரத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டால் ஒரு தடவைகூட நிற்பதில்லை. போர்டு கெட்டிருந்தால் கதவை அழுத்துவது அதற்கு எப்படித் தெரியும்? அதனால் வேறொருவரை அழைத்தேன். கதவில் இரண்டு கொக்கிகள் இருக்கின்றன அல்லவா, கீழ்க் கொக்கி போய் உட்காரும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு விரிசல். அதனால் அங்கிருந்த சின்ன சுவிட்சின் பட்டன் முழுதாக அழுந்தவில்லை. தட்டு சுற்றும் அதிர்விலேயே விட்டுப்போயிருக்கிறது. சட்டத்தையும் சுவிட்சையும் மாற்றியபின் நிற்கவில்லை.

முருகு: எனக்கும் இதேதான். என் மெஷினில் உள்ளே பொறி பறக்கிறது. இதுவும் சுவிட்ச்தானா?

தேன்மொழி: முருகு அண்ணா, பொறி வேறு கதை. பக்கச் சுவரில் இருக்கும் மைக்கா தகடு கருகியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை ஓட்டாதீர்கள்.

சர்வீஸ் பாஸ்கர்: தேன்மொழி அழுத்திப் பார்த்தது நல்ல சோதனை. நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நிற்கும்போது நேரமும் நிற்கிறதா, இல்லை ஓடிக்கொண்டே இருக்கிறதா? நேரமும் நின்று லைட்டும் எரிந்தால், கதவு திறந்துவிட்டது என்று போர்டு நினைக்கிறது. கதவு நிலையைச் சொல்லும் சுவிட்ச், அதன் வயர், கொக்கி, இந்த மூன்றுக்குள்தான் தேட வேண்டும். நேரம் ஓடுகிறது, சூடு மட்டும் இல்லை என்றால் கரண்ட் போகும் வழியில் இருக்கும் சுவிட்ச் கருகியிருக்கலாம். அப்போதும் வேறு காரணங்கள் உண்டு, சுவிட்ச்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

பெரும்பாலான மாடல்களில் கொக்கிகளுக்குப் பின்னால் மூன்று சுவிட்சுகள் இருக்கும். இரண்டு கரண்டை வெட்டுவதற்கு. மூன்றாவது காவலாளி மாதிரி. கதவு திறந்தும் முதல் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு கரண்டை விட்டால், இந்த மூன்றாவது வேண்டுமென்றே ஷார்ட் செய்து ஃபியூஸைப் பறக்கவிடும்.

கண்ணன்: நம்ம வீட்டில் கதவைத் திறந்தபோது டப் என்று சத்தம், அப்புறம் திரைகூட எரியவில்லை. ஃபியூஸ் மாற்றினேன், சரியாகிவிட்டது. சுவிட்சையெல்லாம் யாரும் தொடத் தேவையில்லை.

சர்வீஸ் பாஸ்கர்: ஃபியூஸ் போனது என்பது சரி, தம்பி. ஏன் போனது என்பதுதான் மிச்சம் இருக்கிறது. கதவைத் திறக்கும் நேரத்தில் போனால் நான் சுவிட்சுகளைத்தான் சந்தேகப்படுவேன். ஷார்ட்டில் அந்தத் தொடுமுனைகள் வழியாக ஏகப்பட்ட கரண்ட் பாய்ந்திருக்கும், அதனால் காவலாளி சுவிட்சையும் முதல் சுவிட்சையும் சேர்த்தே மாற்றுவேன். பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போட்டுத் தப்பிக்க நினைக்காதீர்கள்.

ரஃபீக்: டேப் ஒட்டி பட்டனை அழுத்தியே வைத்துவிட்டால்? ஒரு வீடியோவில் பார்த்தேன்.

சர்வீஸ் பாஸ்கர்: கதவு திறந்திருக்கும்போதும் ஓடுமே! வேண்டவே வேண்டாம்.

ரஃபீக்: சரி சரி. மல்டிமீட்டர் வைத்து சுவிட்சைப் பார்ப்பது எப்படி? பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து இல்லை, இல்லையா?

சர்வீஸ் பாஸ்கர்: பாதிதான் சரி. உள்ளே இருக்கும் கெபாசிட்டர் ஓடும்போது 2000 வோல்ட்டுக்கு மேல் ஏறும். பிளக்கைப் பிடுங்கியபின்னும் அதில் மிச்சம் இருக்கலாம். தானாக வடிய வைக்கும் ரெசிஸ்டர் பெரும்பாலும் உண்டு, அதை நம்பிக் கை வைப்பதில்லை. முறையாக டிஸ்சார்ஜ் செய்யத் தெரியாதவர் மூடியைக் கழற்றவே வேண்டாம். தெரிந்தவர் செய்வது இது: வயர்களைப் படம் எடுத்துவிட்டு சுவிட்சைக் கழற்றுவார். அதில் COM, NO என்று குறித்திருக்கும் முனைகளில் மீட்டரை வைத்தால், பட்டனை அழுத்தாமல் விட்டிருக்கும்போது தொடர்பு இருக்கக் கூடாது. அழுத்தினால் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் ஓம் காட்ட வேண்டும். பலமுறை அழுத்திப் பார்க்கையில் எண் குதித்தால் தொடுமுனை கருகிவிட்டது. காவலாளி சுவிட்ச் மட்டும் தலைகீழ், அழுத்தினால் விடும்.

ஜெயந்தி: என் மெஷினில் சுவிட்சுகள் எல்லாம் மீட்டரில் சரியாகத்தான் காட்டுகின்றன என்று சர்வீஸ்காரர் சொன்னார். ஆனாலும் நெடுநேரம் ஓடினால் மட்டும் நிற்கிறது. கதவை அழுத்தினாலும் பயனில்லை.

சர்வீஸ் பாஸ்கர்: மீட்டர் துளிக் கரண்டில் பார்க்கிறது, அசல் சுமையில் நடப்பது அதற்குத் தெரியாது. சுவிட்சில் செருகும் வயர் முனை பழுப்பாக, தளர்வாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கம்மா. ஆனால் அழுத்தியும் மாறவில்லை என்றால் எனக்குக் கதவின் மேல் சந்தேகம் குறைகிறது. விசிறி சுற்றுகிறதா? சூடேறினால் வெட்டும் தெர்மல் கட்-அவுட் கூட இப்படிச் செய்யும்.

ஜெயந்தி: விசிறிச் சத்தம் முன்பைவிடக் குறைவு போலத்தான் தோன்றுகிறது. அவர் மறுபடி வரும்போது அதையும் பார்க்கச் சொல்கிறேன்.