வெள்ளைக் கழுத்தில் நீலம் ஏறிய கதை: எங்கள் குடும்பக் குழுவில் மூன்று நாள் பேச்சு

*வெள்ளிக்கிழமை*

கவிதா: எல்லாருக்கும் வணக்கம். என் விற்பனைப் பக்கத்தில் உள்ள கருநீல ரேயான் மேல்சட்டைக்கு ஒரே வாரத்தில் மூன்று புகார்கள் வந்துவிட்டன. ஒருவருக்கு நீளம் குறைந்துவிட்டது. ஒருவருக்குக் கழுத்தில் உள்ள வெள்ளைப் பைப்பிங் நீலமாகிவிட்டது. இன்னொருவருக்குத் தோள் பக்கம் தொங்கி உருக்குலைந்துவிட்டது. துணி நல்ல துணிதான். என்ன செய்வது?

பெரியம்மா: நீலக் கறை பட்ட இடத்தை உடனே குளிர்ந்த நீரில் அலசச் சொல் கவிதா. காயவிட்டால் போகாது.

கவிதா: கறையை எடுக்க வழி கேட்கவில்லை பெரியம்மா. இனிமேல் வாங்குபவர்களுக்கு அப்படி நேராமல் இருக்க, பக்கத்தில் சலவைக் குறிப்பை எப்படி எழுதுவது என்றுதான் கேட்கிறேன்.

சித்தி: இப்போது என்ன எழுதியிருக்கிறாய்? அப்படியே இங்கே போடு.

கவிதா: “மென்மையான துணி. கவனமாகத் துவைக்கவும்.” அவ்வளவுதான் சித்தி.

சித்தி: அதில் வாங்கியவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லையே. கவனம் என்றால் ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு வேறொன்று.

பெரியம்மா: உண்மைதான். என் கம்பளிச் சட்டையோடு வந்த தாளிலும் மென்மையாகத் துவைக்கவும் என்றுதான் இருந்தது. நான் வாஷிங் மெஷினில் மென்மை என்று போட்டிருக்கும் பொத்தானை அழுத்தி, வெந்நீரில் விட்டேன். வெளியே எடுத்தபோது குழந்தைக்குப் போடும் அளவில் கெட்டியாகக் கையில் வந்தது. இன்னும் எடுத்து வைத்திருக்கிறேன், தூக்கிப்போட மனம் வரவில்லை.

சித்தி: அக்கா, உங்கள் மேல் தவறு இல்லை. கம்பளி இழையில் மீன் செதில் போலச் செதில்கள் உண்டு. வெந்நீரும் உருட்டலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. “குளிர்ந்த நீரில், கையால்” என்று எழுதியிருந்தால் நீங்கள் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்க மாட்டீர்கள்.

முருகன் மாமா: கவிதா, உலர் சலவை மட்டும் என்று ஒரு வரி போட்டுவிடு. அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் அவர்கள் பொறுப்பு.

தினேஷ்: மாமா, அந்த வரியைப் பார்த்தால் நான் வாங்கவே மாட்டேன். தினமும் போடுகிற சட்டையை யார் உலர் சலவைக்குக் கொடுப்பார்கள்?

சித்தி: வாங்கியவர்களும் வீட்டில்தான் துவைப்பார்கள், அண்ணா. ஆனால் எப்படித் துவைக்க வேண்டும் என்று நாம் சொல்லியிருக்க மாட்டோம். நீரைத் தாங்குகிற துணிக்கு அப்படி எழுதுவது நியாயமில்லை.

முருகன் மாமா: சரி. அப்படியென்றால் முதல் முறை உப்பு நீரில் ஊறவைக்கச் சொல்லலாமே? சாயம் பிடித்துக்கொள்ளும். நம் அம்மா அப்படித்தான் செய்வார்.

சித்தி: பாதி சரி அண்ணா. சாயத்தொட்டியில் நாங்களும் உப்பு போடுவோம். சாயத்தை நீரிலிருந்து நூலின் பக்கம் தள்ளுவது அது. ஆனால் இந்த வகைச் சாயத்தை நூலோடு பிணைப்பது பிறகு சேர்க்கிற காரம். பிணையாமல் மேலே தங்கிய சாயத்தைச் சோப்பு நீரில் பலமுறை அலசி எடுக்க வேண்டும். அந்த அலசலை ஆலையில் அவசரமாக முடித்தால் மிச்சம் வாங்கியவர் வாளியில் இறங்கும். வீட்டில் எவ்வளவு உப்பு போட்டாலும் அது பிணையாது. அதோடு, ஊறவைக்கச் சொன்னால் அந்த வெள்ளைப் பைப்பிங் இரவு முழுவதும் நீல நீரில் கிடக்கும்.

முருகன் மாமா: அம்மாவின் சேலைகளுக்குச் சாயம் போனதே இல்லை.

சித்தி: கவிதா, பைப்பிங் நீலமானவர் எப்படித் துவைத்தார் என்று கேட்டாயா?

கவிதா: கேட்டேன். சலவைத் தூளில் இரவு ஊறவைத்து, காலையில் துவைத்தாராம். எல்லாத் துணிக்கும் அப்படித்தான் செய்வாராம்.

சித்தி: அவர் வழக்கம்போலத்தான் செய்திருக்கிறார். வாங்குபவர் எதுவும் யோசிக்காமல் கைப்பழக்கத்தில் செய்கிற வேலைகளில் இந்தத் துணிக்கு ஆகாதவை எவை என்று பார்த்து, அவற்றை முதலில் சொல்ல வேண்டும். அதற்கு முன் நீயே துவைத்துப் பார்க்க வேண்டும். அதே சுருளின் மிச்சத் துணி இருக்கிறதா?

கவிதா: இரண்டு மீட்டர் இருக்கிறது.

சித்தி: போதும். இரண்டு துண்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி, 50 செ.மீ.க்கு 50 செ.மீ. சதுரத்தை நூல் தையலால் குறித்துக்கொள். பேனா மை அழிந்துவிடும். நீளவாக்கு எது, அகலவாக்கு எது என்பதையும் குறி. ஒரு மூலையில் வெள்ளைப் பருத்தித் துணியைத் தைத்துவிடு. ஒன்றை நீ சொல்லப்போகும் முறையில் குளிர்ந்த நீரில் கையால் துவை. மற்றதை இரவு ஊறவைத்து, மெஷினில் 40 டிகிரியில் போடு. இரண்டையும் மூன்று முறை துவைத்து, முழுதாகக் காய்ந்தபின் அள.

தினேஷ்: மூன்று முறை எதற்கு சித்தி?

சித்தி: ரேயான் முதல் சலவையோடு நிற்காது. தறியிலும் முடிப்பு வேலையிலும் இழுத்துப் பிடித்த நூல், நனைந்ததும் தளர்ந்து தன் அளவுக்குத் திரும்பும். அடுத்தடுத்த சலவையிலும் கொஞ்சம் இறங்கும்.

*ஞாயிற்றுக்கிழமை*

கவிதா: அளந்துவிட்டேன்! கையால் துவைத்தது நீளவாக்கில் 48.5 செ.மீ. இருக்கிறது. மெஷினில் போட்டது 47. அகலத்தில் இரண்டுமே அரை செ.மீ. அளவுக்குத்தான் குறைந்தன.

சித்தி: அப்படியென்றால் கைச்சலவையில் 3 சதவீதம், மெஷினில் 6. உன் சட்டை நீளம் 110 தானே? ஒழுங்காகத் துவைத்தாலே ஏறக்குறைய 107 ஆகும். மெஷினில் போட்டால் 103 வரை இறங்கும்.

கவிதா: அதைப் பார்த்ததும் எனக்கு மனம் கனத்துவிட்டது சித்தி. நான் சொன்னபடியே துவைத்தாலும் மூன்று செ.மீ. போகிறதே.

சித்தி: அதை மறைக்காதே. சலவைக் குறிப்பில் போடாமல், அளவு எழுதியிருக்கும் வரியிலேயே போடு. நீளத்தைப் பார்த்து வாங்குபவர் கண் அங்கேதான் போகும். அடுத்த சுருளை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்துவிட்டு வெட்டு. வெள்ளைத் துண்டு என்ன ஆனது?

கவிதா: இதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. பத்து நிமிடத்தில் துவைத்து அலசி உடனே விரித்ததில் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. ஊறவைத்ததில் வானம் போல நீலம். ஆனால் மூன்றாவது முறை கையால் துவைத்தபோது ஒரு தொலைபேசி அழைப்பு வந்து, பிழிந்த துண்டைப் பக்கெட் ஓரத்தில் சுருட்டி வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மடிப்பு பட்ட இடத்தில் மட்டும் நீலக்கோடு.

சித்தி: ஊறலும் அதுவும் ஒன்றுதான். ஈரத் துணி ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடந்தால் சாயம் நகரும். அதையும் எழுது.

கவிதா: எழுதிவிட்டேன், பாருங்கள்: “ஊறவைக்கக் கூடாது. வெந்நீர் கூடாது. மெஷின் கூடாது. பிழியக் கூடாது. வெயில் கூடாது. தொங்கவிடக் கூடாது. பிற துணிகளோடு கூடாது. சூடான இஸ்திரி கூடாது.”

தினேஷ்: அக்கா, இதைப் படித்ததும் எனக்குப் பயம்தான் வருகிறது. எது கூடாது என்று தெரிகிறது, எப்படித் துவைப்பது என்று தெரியவில்லை. செல்பேசியில் முதல் இரண்டு வரிதான் தெரியும், மிச்சத்துக்கு “மேலும்” என்பதை அழுத்த வேண்டும். நான் அழுத்தியதே இல்லை.

சித்தி: தினேஷ் சொல்வது சரி. துவைக்கிறவர் கை போகிற வரிசையில் எழுது. துவைப்பது, நீரை எடுப்பது, உலர்த்துவது, இஸ்திரி. கேடு வரும் இடத்தில் மட்டும் காரணத்தையும் ஒட்டிச் சொல். காரணம் தெரிந்தால் செய்வார்கள்.

பெரியம்மா: பிழியாமல் எப்படி உலர்த்துவது? நீர் சொட்டிக்கொண்டே இருக்குமே.

சித்தி: உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்த வேண்டும் அக்கா. ரேயான் ஈரத்தில் வலு குறையும், முறுக்கினால் தையல் பக்கம் நூல் விலகும். தோள் தொங்கியதும் அதனால்தான். நீர் கனத்தோடு ஹாங்கரில் மாட்டியிருப்பார்கள்.

*திங்கட்கிழமை*

கவிதா: இது எப்படி?

“நீளம் 110 செ.மீ. கைச்சலவைக்குப் பின் சுமார் 107 செ.மீ. ஆகும். மெஷினில் துவைத்தால் 103 வரை குறையும்.

துணி: ரேயான். கழுத்து பைப்பிங்: வெள்ளைப் பருத்தி.

குளிர்ந்த நீரில் தனியாக, கையால், பத்து நிமிடத்துக்குள் துவைத்து அலசவும். ஊறவைத்தாலும், ஈரமாகச் சுருட்டி வைத்தாலும் நீலம் வெள்ளைப் பைப்பிங்கில் ஏறும்.

முறுக்காமல், துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுக்கவும். நிழலில், கொடியின் மேல் நடுவாக மடித்துப் போட்டு உலர்த்தவும். ஈரத்தோடு ஹாங்கரில் மாட்டினால் தோள் தொங்கும்.

உட்புறத்தை வெளியே திருப்பி, இளஞ்சூட்டில் இஸ்திரி செய்யவும்.”

தினேஷ்: இது புரிகிறது. இப்படி இருந்தால் நான் வாங்குவேன்.

முருகன் மாமா: நீளம் குறையும் என்று நாமே எழுதினால் விற்பனை குறையாதா?

சித்தி: சிலர் வாங்காமல் போகலாம் அண்ணா. எத்தனை பேர் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. வாங்கிய பின் திரும்பி வருவதைவிட எனக்கு இது மேல்.

முருகன் மாமா: ஊறவைத்தவருக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டாம் என்றுதான் நான் இன்னமும் சொல்வேன்.

கவிதா: எனக்கு அப்படித் தோன்றவில்லை மாமா. நான் சொல்லியிருக்கவே இல்லையே. அதை யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சித்தி: கவிதா, ஒன்று விட்டுப்போனது. சட்டைக்குள் தைத்திருக்கும் பட்டியில் என்ன இருக்கிறது? படம் போடு.

கவிதா: மொத்தமாக வாங்கி வைத்த பட்டி சித்தி. இதோ.

சித்தி: தொட்டிப் படத்துக்குள் 40 என்று இருக்கிறது பார். 40 டிகிரி வரை மெஷினில் போடலாம் என்று அதற்குப் பொருள். உன் பக்கம் கைச்சலவை என்கிறது, சட்டை மெஷின் என்கிறது. துவைக்கிறவர் கையில் அந்த நேரத்தில் இருப்பது சட்டைதான். தொட்டிக்குள் கை இருக்கும் படம் போட்ட பட்டி வேண்டும்.

கவிதா: ஐயோ, அதை நான் ஒருமுறைகூட உற்றுப் பார்க்கவில்லை. கையிருப்பில் 23 சட்டைகள் இருக்கின்றன.

பெரியம்மா: மாலையில் கொண்டு வா. தையல் பிரிக்கிற ஊசி என்னிடம் இருக்கிறது, இருவரும் உட்கார்ந்து பிரித்துவிடலாம்.